கிரியேட்டின் எடுத்தால் கிட்னி போய்விடுமா? ரிப்போர்ட்டைப் பார்த்துப் பயப்படும் முன் தெரிந்துகொள்ள வேண்டியவை

ஜிம்மில் சேர்ந்து ஒரு மாதம் ஆகியிருக்கும். பக்கத்தில் பெஞ்ச் பிரஸ் அடிப்பவர் ஷேக்கரைக் குலுக்கிக்கொண்டே, "ப்ரோ, இன்னும் கிரியேட்டின் ஆரம்பிக்கலையா?" என்பார். ட்ரெய்னர், "முதல் வாரம் லோடிங் போடுங்க, டெய்லி 5 லிட்டர் தண்ணி குடிங்க, இல்லன்னா கிட்னிக்குப் பிரச்சினை" என்பார். வீட்டில் அந்த வெள்ளை டப்பாவைப் பார்த்ததும் அம்மா, "தண்ணி குடிச்சாலும் குடிக்காட்டியும் இது கிட்னியைக் கெடுத்துடும்டா" என்பார்.

இப்படி ஆளாளுக்கு ஒன்று சொல்ல, ஆரம்பிப்பவருக்குத் தலை சுற்றும். அதற்கும் மேல், சில மாதங்கள் கழித்து ஆபீஸில் வருடாந்திர ஹெல்த் செக்கப் வரும். ரிப்போர்ட்டில் 'கிரியேட்டினின்' என்ற வரிக்கு எதிரே தடித்த எழுத்தில் ஒரு எண் இருக்கும். அம்மா சொன்னதுதான் சரியோ என்ற பயம் அப்போதுதான் நிஜமாகவே பிடித்துக்கொள்ளும்.

டப்பாவுக்குள் என்ன இருக்கிறது?

கிரியேட்டின் ஸ்டீராய்டு இல்லை, ஹார்மோனும் இல்லை. நம் உடலே தினமும் தயாரிக்கும் பொருள்தான். சிறுநீரகமும் கல்லீரலும் சேர்ந்து, சில அமினோ அமிலங்களிலிருந்து ஒரு நாளைக்குச் சுமார் 1 கிராம் உருவாக்குகின்றன. இறைச்சி, மீன் சாப்பிடுபவர்களுக்கு உணவிலிருந்தும் கிட்டத்தட்ட அதே அளவு கிடைக்கும். 70 கிலோ எடையுள்ள ஓர் ஆணின் உடலில் மொத்தமாக ஏறத்தாழ 120 கிராம் கிரியேட்டின் இருக்கும். அதில் 95 சதவீதம் தசைகளில்தான்.

அதன் வேலை ரொம்பக் குறிப்பிட்டது. தசை சுருங்குவதற்கான உடனடி எரிபொருள் ஏ.டி.பி. முழு பலத்தோடு ஒரு கனமான எடையைத் தூக்கினால் அது சில நொடிகளில் தீரத் தொடங்கும். அப்போது தசையில் சேமித்து வைத்திருக்கும் கிரியேட்டின் பாஸ்பேட், தீர்ந்த ஏ.டி.பி.யை உடனடியாக மறுபடி உருவாக்கித் தரும். இந்தக் கையிருப்பும் பத்து நொடி அளவுக்குத்தான் பெரிதாக உதவும். பவுடர் எடுப்பதன் நோக்கம் இந்தக் கையிருப்பைக் கொஞ்சம் கூட்டுவது. எட்டு முறை தூக்கிய எடையை ஒன்பது, பத்து முறை தூக்க முடிகிறது. அந்தக் கூடுதல் உழைப்பு வாரக்கணக்கில் சேரும்போதுதான் தசையில் மாற்றம் தெரிகிறது. எடை தூக்காமல் பவுடர் மட்டும் சாப்பிட்டுவிட்டு, "ஒண்ணும் ஆகலையே" என்பவர்களுக்கு ஒன்றும் ஆகாதுதான். ட்ரெட்மில்லில் மெதுவாக நடப்பதற்கும் இதனால் பெரிய பயன் இல்லை.

சமைக்காத இறைச்சியிலும் மீனிலும் கிலோவுக்கு ஏறத்தாழ 4 முதல் 5 கிராம் கிரியேட்டின் இருக்கிறது. 3 கிராம் வேண்டுமென்றால் தினமும் அரைக் கிலோவுக்கு மேல் கறி சாப்பிட வேண்டும். நடக்கிற காரியமா? சைவ உணவுக்காரர்களுக்கு உணவிலிருந்து வருவது அநேகமாக ஒன்றுமே இல்லை. அவர்களுடைய தசையில் கையிருப்பு சற்றுக் குறைவாக இருப்பதால், பவுடர் எடுக்கும்போது கூடும் அளவும் பெரும்பாலும் அதிகமாக இருக்கிறது.

லோடிங் போட்டே ஆக வேண்டுமா?

லோடிங் என்பது முதல் 5 முதல் 7 நாள்கள், உடல் எடையில் ஒரு கிலோவுக்கு 0.3 கிராம் வீதம் எடுப்பது. 70 கிலோ ஆளுக்கு 21 கிராம் வருகிறது. அதை ஒரே தடவையில் எடுக்காமல் 5 கிராம் வீதம் நான்கு வேளையாகப் பிரிப்பார்கள். அதன் பிறகு தினமும் 3 முதல் 5 கிராம்.

இந்த முறை ட்ரெய்னர்கள் கண்டுபிடித்தது அல்ல. 1992-ல் ரோஜர் ஹாரிஸும் அவரது குழுவினரும் 5 கிராம் வீதம் ஒரு நாளில் பல வேளை கொடுத்து, தசையில் சிறு துண்டு எடுத்துச் சோதித்துப் பார்த்தார்கள். சில நாள்களிலேயே தசையின் கிரியேட்டின் கூடியிருந்தது. 'லோடிங்' என்ற பழக்கம் அங்கிருந்து கிளம்பியது. ஆனால் ஜிம்களுக்கு வந்து சேராத இன்னோர் ஆய்வு 1996-ல் வந்தது. எரிக் ஹல்ட்மனின் குழு, ஒரு பிரிவினருக்கு 6 நாள்கள் தினமும் 20 கிராம் கொடுத்தது. இன்னொரு பிரிவினருக்கு லோடிங்கே இல்லாமல் 28 நாள்கள் தினமும் வெறும் 3 கிராம் கொடுத்தது. முதல் பிரிவில் 6 நாளில் தசையின் கிரியேட்டின் சுமார் 20 சதவீதம் கூடியது. இரண்டாவது பிரிவில் மெதுவாக ஏறி, 28-ஆம் நாளில் அதே 20 சதவீதத்தைத் தொட்டது.

ஆக, இரண்டு வழியும் போய்ச் சேரும் இடம் ஒன்றுதான். ஒன்று எக்ஸ்பிரஸ், மற்றது பாசஞ்சர். அடுத்த வாரம் பவர்லிஃப்டிங் போட்டி இருப்பவருக்கு எக்ஸ்பிரஸ் தேவைப்படலாம். ஜிம்முக்கு இப்போதுதான் வந்தவருக்கு, ஸ்குவாட் ஒழுங்காகப் போடப் பழகவே மூன்று மாதம் ஆகும். அவருக்கு அந்த மூன்று வார அவசரம் எதற்கு?

செலவுக் கணக்கையும் பார்த்துவிடலாம். 28 நாள் காலத்தில், 6 நாள் லோடிங்குக்கு 120 கிராம், மீதி 22 நாளுக்கு 3 கிராம் வீதம் 66 கிராம், மொத்தம் 186 கிராம். லோடிங் இல்லாவிட்டால் 84 கிராம் போதும். அதாவது 102 கிராம் கூடுதலாகப் போகிறது. 250 கிராம் டப்பா என்றால், லோடிங் போடுபவர் முதல் வாரத்திலேயே கிட்டத்தட்ட பாதியைக் காலி செய்துவிடுவார். தினமும் 3 கிராம் எடுப்பவருக்கு அதே டப்பா 80 நாளுக்கு மேல் வரும். லோடிங்கின்போது முதல் ஓரிரு நாளில் தசை நன்றாக இழுத்துக்கொள்ளும். கையிருப்பு நிரம்ப நிரம்ப, எடுப்பதில் பாதிக்கு மேல் அப்படியே சிறுநீரில் போய்விடும். காசு கொடுத்து வாங்கியதை ஃப்ளஷ் செய்வதுபோலத்தான்.

வயிறும் ஒரு காரணம். ஒரே வேளையில் 10 கிராம் எடுத்தவர்களுக்கு, 5 கிராம் வீதம் எடுத்தவர்களைவிட வயிற்றுப்போக்கு அதிகம் வருகிறது. "நாலு தடவையெல்லாம் முடியாது ப்ரோ" என்று லோடிங் அளவை இரண்டே வேளையில் ஊற்றிக்கொண்டு, மீட்டிங்கின் நடுவே பாத்ரூமுக்கு ஓடுபவர்கள் இந்த ரகம்தான்.

சிறிய உடல்வாகு உள்ளவர்களுக்கும் பெண்களுக்கும் 3 கிராம் தாராளமாகப் போதும். 80, 90 கிலோவுக்கு மேல் இருப்பவர்கள் 5 கிராம் எடுக்கலாம். காலையா, மாலையா, உடற்பயிற்சிக்கு முன்னா, பின்னா என்பதெல்லாம் பெரிய விஷயமே இல்லை. ஜிம்முக்குப் போகாத நாளிலும் எடுக்க வேண்டும் என்பதுதான் முக்கியம், ஏனென்றால் இது காபி மாதிரி அன்றன்றைக்கு வேலை செய்வதில்லை. தசையில் கையிருப்பு ஏறி நிற்பதுதான் கணக்கு. ஒரு நாள் மறந்துபோனால் மறுநாள் இரண்டு மடங்கு எடுக்க வேண்டியதும் இல்லை. முழுவதும் நிறுத்திவிட்டால் 4 முதல் 6 வாரத்தில் கையிருப்பு பழைய நிலைக்கே இறங்கிவிடும்.

அளவு விஷயத்தில் ஒரு எச்சரிக்கை. டப்பாவுக்குள் கிடக்கும் ஸ்கூப் எல்லாம் ஒன்றல்ல. சிலவற்றில் 3 கிராம், சிலவற்றில் 5 கிராம். குவித்து அள்ளினால் இன்னும் கூடும். சமையலறைத் தராசு இருந்தால் ஒரே ஒரு தடவை நிறுத்துப் பார்த்துவிடுவது நல்லது. கையோடு லேபிளையும் பார்க்கவும்: உள்ளடக்கப் பட்டியலில் 'கிரியேட்டின் மோனோஹைட்ரேட்' என்ற ஒரே பெயர்தான் இருக்க வேண்டும், எஃப்.எஸ்.எஸ்.ஏ.ஐ. உரிம எண் இருக்க வேண்டும். எச்.சி.எல்., எதில் எஸ்டர் என்று அதிக விலையில் வரும் வகைகள் மோனோஹைட்ரேட்டைவிட மேலானவை என்று நிரூபிக்கப்படவில்லை.

"பவுடர் கரையவே மாட்டேங்குது, அடியில மணல் மாதிரி நிக்குது, டூப்ளிகேட்டா?" என்ற சந்தேகமும் அடிக்கடி வரும். கலப்படம் இல்லாத சுத்தமான கிரியேட்டினே தண்ணீரில் லேசில் கரையாது. 20 டிகிரி வெப்பத்தில் ஒரு லிட்டருக்குச் சுமார் 14 கிராம்தான் கரையும். ஃப்ரிட்ஜ் தண்ணீரில் அதில் பாதிகூடக் கரையாது. 250 மில்லி டம்ளரில் 5 கிராம் போட்டால் கொஞ்சம் அடியில் நிற்கத்தான் செய்யும். வெதுவெதுப்பான தண்ணீரில் கலக்குங்கள், அல்லது அடியில் நிற்பதை இன்னும் கொஞ்சம் தண்ணீர் ஊற்றிக் குடித்துவிடுங்கள். ஆனால் காலையிலேயே எலுமிச்சை ஜூஸில் கலந்து பாட்டிலில் அடைத்து, சாயங்காலம் குடிக்கும் பழக்கம் வேண்டாம். புளிப்பான திரவத்தில் நேரம் ஆக ஆக அது கொஞ்சம் கொஞ்சமாகப் பயனில்லாத கிரியேட்டினினாக மாறிக்கொண்டே இருக்கும்.

5 லிட்டர் தண்ணீர்

கிரியேட்டின் தசை செல்லுக்குள் போகும்போது தண்ணீரையும் கூடவே இழுத்துக்கொண்டு போகிறது. இது உண்மை. லோடிங் போட்டவர்களுக்கு முதல் வாரத்தில் ஒன்று முதல் இரண்டு கிலோ எடை கூடுவது இதனால்தான். அது கொழுப்பு அல்ல. ஒரு வாரத்தில் வந்த தசையும் அல்ல. (முதல் வாரமே கண்ணாடி முன் நின்று படம் போடுபவர்களிடம் இதைச் சொல்லத் தேவையில்லை.) உடல் எடையைக் குறைக்க ஜிம்முக்கு வந்தவர் மட்டும் இதை முன்பே தெரிந்து வைத்துக்கொள்ள வேண்டும். இல்லாவிட்டால் எடை இயந்திரத்தைப் பார்த்து மனம் உடைந்துபோவார். தினமும் 3 கிராம் எடுப்பவர்களுக்கு இந்த ஏற்றம் மெதுவாக இருக்கும், சிலருக்குத் தெரியவே தெரியாது.

இதிலிருந்துதான் "தசை எல்லாத் தண்ணியையும் இழுத்துக்கும், கிட்னி காய்ஞ்சிடும்" என்ற கதை பிறந்தது. கணக்குப் போட்டால் கதை நிற்காது. 6 நாளில் ஒன்றேகால் கிலோ தண்ணீர் சேர்கிறது என்றால் ஒரு நாளைக்கு 200 மில்லி சொச்சம். ஒரு டம்ளர். அதுவும் லோடிங் போடும் நாள்களில் மட்டும். கையிருப்பு நிரம்பிய பிறகு அந்த ஒரு டம்ளர் கணக்கும் கிடையாது. உள்ளே போன தண்ணீர் உடலில்தான் இருக்கிறது, எங்கும் தொலைந்துபோகவில்லை.

தசைப்பிடிப்பு வரும் என்பதற்கும் ஆதாரம் இல்லை. அமெரிக்கக் கல்லூரி ஃபுட்பால் வீரர்களை சீசன் முழுக்கக் கவனித்ததில், கிரியேட்டின் எடுத்தவர்களுக்குத் தசைப்பிடிப்பும் நீரிழப்பும் எடுக்காதவர்களைவிட அதிகமாக இல்லை.

அப்படியானால் எவ்வளவு குடிப்பது? கிரியேட்டினுக்கென்று தனி அளவு எதுவும் இல்லை. வியர்வைக்குத்தான் அளவு. சென்னையில் மே மாதம் ஏ.சி. இல்லாத ஜிம்மில் ஒரு மணி நேரம் பயிற்சி செய்பவருக்கும், ஏ.சி. ஜிம்மில் செல்போன் பார்த்துக்கொண்டே செட் போடுபவருக்கும் ஒரே 5 லிட்டர் எப்படிப் பொருந்தும்? எளிய வழி ஒன்று உண்டு. பயிற்சிக்கு முன்னும் பின்னும் எடை பாருங்கள். அரைக் கிலோ குறைந்திருந்தால், அரை லிட்டர் தண்ணீர் வெளியேறியிருக்கிறது என்று அர்த்தம். அதைவிடச் சற்றுக் கூடுதலாக, அடுத்த ஒன்றிரண்டு மணி நேரத்தில் கொஞ்சம் கொஞ்சமாகக் குடித்துவிட்டால் சரியாகிவிடும். மற்ற நேரங்களில் தாகமும், சிறுநீர் வெளிர் மஞ்சளாக இருக்கிறதா என்பதுமே போதுமான அடையாளம். மல்டிவிட்டமின் மாத்திரை போடுபவர்களுக்கு மட்டும் அந்த நிறம் ஏமாற்றும். பி விட்டமின் சிறுநீரைப் பளிச்சென்ற மஞ்சளாக்கிவிடும்.

அளவுக்கு மீறிக் குடிப்பதும் ஆபத்துதான். சிறுநீரகத்தால் ஒரு மணி நேரத்தில் சுமார் ஒரு லிட்டர் வரைதான் தண்ணீரை வெளியேற்ற முடியும். டார்கெட்டை முடிக்க வேண்டுமென்று ராத்திரி உட்கார்ந்து இரண்டு, மூன்று லிட்டரை ஒரேயடியாகக் குடித்தால் ரத்தத்தில் சோடியம் நீர்த்துப்போகும். தலைவலி, வாந்தி, குழப்பம், மோசமான நிலையில் வலிப்பு வரை போகலாம். கிட்னியைக் காப்பாற்றுவதாக நினைத்து மூளைக்கு ஆபத்தைத் தேடிக்கொள்ளும் கதை இது.

ஒரு எழுத்துதான் வித்தியாசம்

இனி கிட்னி. கிரியேட்டின், கிரியேட்டினின் என்று பெயரில் ஓர் எழுத்துதான் கூடுதல். குழப்பத்தின் பாதி அங்கேயே ஆரம்பிக்கிறது.

உடலில் இருக்கும் கிரியேட்டினில் தினமும் 1.7 சதவீதம் அளவு தானாகவே கிரியேட்டினின் என்ற கழிவாக மாறுகிறது. அதற்கு எந்த வேலையும் இல்லை. ரத்தத்தில் கலந்து, சிறுநீரகம் வழியாக வெளியேறுகிறது. அதனால் ரத்தத்தில் இதன் அளவு கூடினால், 'சிறுநீரகம் சரியாக வடிகட்டவில்லையோ' என்று மருத்துவர்கள் சந்தேகிக்கிறார்கள். பெரும்பாலானவர்களுக்கு இந்தச் சந்தேகம் சரியானதும்கூட.

தெருவில் குப்பை குவிந்து கிடந்தால் இரண்டு காரணம் இருக்கலாம். குப்பை வண்டி வராமல் போயிருக்கலாம். அல்லது போகிக்கு மறுநாள் மாதிரி, வண்டி வழக்கம்போல வந்தும் அன்றைக்குக் குப்பையே அதிகமாக இருந்திருக்கலாம். கிரியேட்டின் எடுப்பவரின் ரத்தத்தில் நடப்பது இரண்டாவது வகை. கையிருப்பு கூடியதால் அதிலிருந்து உருவாகும் கழிவும் கூடுகிறது. தசை அதிகம் உள்ளவர், நேற்று ராத்திரி மட்டன் பிரியாணியை ஒரு பிடி பிடித்தவர், முந்தின நாள் கடுமையாக லெக் டே செய்தவர் ஆகியோருக்கும் இதே மாதிரி எண் கொஞ்சம் கூடித் தெரியலாம்.

இதை அழகாகக் காட்டிய ஒரு மருத்துவக் குறிப்பு 2010-ல் 'அமெரிக்கன் ஜர்னல் ஆஃப் கிட்னி டிசீசஸ்' இதழில் வந்தது. பிரேசில் ஆய்வாளர்கள், ஒரே ஒரு சிறுநீரகம் மட்டும் உள்ள 20 வயது இளைஞர் ஒருவருக்கு முதல் 5 நாள் 20 கிராம், அடுத்த 30 நாள் 5 கிராம் கிரியேட்டின் கொடுத்துக் கண்காணித்தார்கள். ரத்தக் கிரியேட்டினின் 1.03-லிருந்து 1.27-ஆக ஏறியது. சாதாரண லேப் கணக்குப்படி பார்த்தால் சிறுநீரகம் பழுதாகிறது என்றுதான் முடிவு கட்ட வேண்டும். ஆனால் அவர்கள் அதோடு நிற்காமல், கதிரியக்கக் குறியிட்ட ஒரு பொருளை ரத்தத்தில் செலுத்தி, சிறுநீரகம் அதை எவ்வளவு வேகமாக வடிகட்டுகிறது என்று நேரடியாக அளந்தார்கள். முன்பு 81.6. பின்பு 82.0. வடிகட்டும் திறன் அசையவே இல்லை. ஒருவரிடம் செய்த சோதனைதான், அதை வைத்து ஒரு சிறுநீரகம் உள்ளவர்கள் எல்லோரும் எடுக்கலாம் என்று யாரும் சொல்லிவிட முடியாது. ஆனால் எண் பொய் சொல்லக்கூடும் என்பதற்கு இதைவிடத் தெளிவான சாட்சி கிடைப்பது கடினம்.

சரி, இந்தப் பயம் எங்கிருந்து வந்தது? பெரும்பங்கு 1998-ல் 'லான்செட்' இதழில் வந்த ஒரு குறிப்பிலிருந்து. கிரியேட்டின் எடுத்த 25 வயது இளைஞருக்குச் சிறுநீரகச் செயல்பாடு குறைந்தது, நிறுத்தியதும் சரியானது என்றது அது. செய்தி உலகம் சுற்றியது. ஆனால் அவர் பல வருடங்களாகவே சிறுநீரக நோயாளி. ஃபோகல் செக்மென்டல் குளோமெருலோஸ்கிளிரோசிஸ் என்ற நோய்க்காக, சிறுநீரகத்தைப் பாதிக்கக்கூடிய சைக்ளோஸ்போரின் மருந்தும் எடுத்துக்கொண்டிருந்தவர். அந்த விவரம் செய்தியோடு சேர்ந்து பயணிக்கவில்லை. அதற்குப் பின் ஆரோக்கியமானவர்களிடம் நடந்த ஆய்வுகளில், சில வருடங்கள் தொடர்ந்து எடுத்தவர்களிடம்கூட, வழக்கமான அளவில் சிறுநீரகப் பாதிப்பு காணப்படவில்லை.

1.4 என்று வந்தால்?

ஓர் உதாரணம். வயது 27, எடை 70 கிலோ, பழைய மகாபலிபுரம் சாலையில் ஏதோ ஒரு ஐ.டி. ஆபீஸில் வேலை பார்க்கும் ஆண் என்று வைத்துக்கொள்ளலாம். போன வருடம் கிரியேட்டினின் 1.1. நான்கு மாதமாகத் தினமும் 5 கிராம் கிரியேட்டின். செக்கப்புக்கு முந்தின நாள் மாலை டெட்லிஃப்ட், இரவு சிக்கன். இந்த வருட ரிப்போர்ட்டில் கிரியேட்டினின் 1.4. பல லேப்களில் ஆண்களுக்கான மேல் வரம்பு 1.3 என்பதால் அது தடித்த எழுத்தில் வரும். அதன் கீழேயே இ.ஜி.எஃப்.ஆர். என்று ஒன்று இருக்கும். சிறுநீரகம் நிமிடத்துக்கு எத்தனை மில்லி வடிகட்டுகிறது என்ற மதிப்பீடு அது. ஆனால் அதைத் தனியாக யாரும் அளப்பதில்லை. கிரியேட்டினின், வயது, பாலினம் மூன்றையும் ஒரு சூத்திரத்தில் போட்டு வரும் எண்தான். இப்போது பரவலாக இருக்கும் 2021-ஆம் ஆண்டுச் சூத்திரப்படி, 1.1-க்கு 94 வரும், 1.4-க்கு 71. "ஒரே வருஷத்துல 23 பாயிண்ட் போச்சே!" என்று தோன்றும். போயிருக்கலாம், போகாமலும் இருக்கலாம். ஒரே எண்ணிலிருந்து பிறந்த இரண்டு வரிகள் என்பதால், ஒன்று தவறாகக் காட்டினால் மற்றதும் கூடவே தவறும்.

அவர் செய்ய வேண்டியது ரிப்போர்ட்டை இணையத்தில் தேடுவது இல்லை. டாக்டரிடம் போய், "நான் கிரியேட்டின் எடுக்கறேன், டெய்லி இவ்வளவு, இத்தனை மாசமா" என்று சொல்வதுதான். இதைச் சொல்லாமல் மறைப்பவர்கள்தான் தேவையில்லாத ஸ்கேன், தேவையில்லாத பயம் எல்லாவற்றிலும் மாட்டிக்கொள்கிறார்கள். வழக்கமாக, கிரியேட்டினைச் சில வாரங்கள் நிறுத்தச் சொல்வார்கள். அதன்பின், கடும் பயிற்சி இல்லாமல் இரண்டு மூன்று நாள் விட்டு, முந்தின இரவு இறைச்சி இல்லாமல், மறுபடி ரத்தம் கொடுக்க வேண்டும். எண் 1.1 பக்கம் திரும்பிவிட்டால் காரணம் அநேகமாகத் தெரிந்துவிட்டது.

காத்திருக்க முடியாது, அல்லது சந்தேகம் தீரவில்லை என்றால் 'சிஸ்டாட்டின் சி' என்ற ரத்தப் பரிசோதனை இருக்கிறது. இதுவும் சிறுநீரகம் வடிகட்டும் ஒரு பொருள்தான், ஆனால் கிரியேட்டினிலிருந்து வருவதல்ல. எனவே பவுடர் அதைத் தொடாது. தசையின் அளவும் அதை அவ்வளவாகப் பாதிக்காது. நம் உதாரண ஆளுக்கு அது 0.85 என்று வந்தால், அதன் சூத்திரப்படி இ.ஜி.எஃப்.ஆர். சுமார் 110 வரும். 71 பொய், சிறுநீரகம் நலம். தைராய்டு கோளாறு உள்ளவர்களுக்கும் ஸ்டீராய்டு மருந்து எடுப்பவர்களுக்கும் இந்த எண்ணும் மாறக்கூடும் என்பதை டாக்டர் கணக்கில் எடுத்துக்கொள்வார். எல்லா லேபிலும் இது கிடைக்காது, விலையும் கூடுதல்.

விலை குறைவான இன்னொரு சோதனைக்குத்தான் கூடுதல் முக்கியத்துவம் தர வேண்டும். சிறுநீரில் அல்புமின் புரதம் கசிகிறதா என்று பார்ப்பது. அல்புமின்-கிரியேட்டினின் விகிதம் 30-க்குக் கீழே இருக்க வேண்டும். அதற்கு மேல் போய், திரும்பச் செய்தாலும் அப்படியே இருந்தால், அதற்குக் கிரியேட்டின் பவுடரைக் காரணம் காட்ட முடியாது. வடிகட்டியிலேயே பிரச்சினை இருக்கலாம்.

மறுபக்கத்து ஆபத்தும் இதுதான். இன்றைக்கு ஜிம் வட்டாரத்தில் "கிரியேட்டினின் கூடினா அது கிரியேட்டினாலதான் ப்ரோ, கண்டுக்காதீங்க" என்ற அறிவுரையும் சுற்றுகிறது. அம்மாவின் பயத்தைவிட இது மோசமானது. இளம் வயதிலேயே ரத்த அழுத்தமும் சர்க்கரையும் இருப்பது தெரியாமல் திரிபவர்கள் நம் ஊரில் குறைவில்லை. சிறுநீரக நோய் முற்றும் வரை வலியே காட்டாது. ஆகவே பவுடரை நிறுத்திச் சில வாரம் ஆன பிறகும் எண் இறங்கவில்லை என்றாலோ, ரத்த அழுத்தம் 140/90-க்கு மேல் இருந்தாலோ, காலில் வீக்கம், நுரைத்த சிறுநீர், சிறுநீரில் ரத்தம் என்று ஏதாவது இருந்தாலோ, பழியைக் கிரியேட்டின் மேல் போட்டுவிட்டு நகரக் கூடாது. சிறுநீரக மருத்துவரைப் பார்த்தே ஆக வேண்டும். கோலா நிறத்தில் சிறுநீர், தாங்க முடியாத தசை வலி, அதுவும் நீண்ட இடைவெளிக்குப் பின் ஒரே நாளில் வெறித்தனமாகப் பயிற்சி செய்த பிறகு என்றால், அன்றைக்கே மருத்துவமனைக்குப் போக வேண்டும். அது ராப்டோமயோலிசிஸ். தசை சிதைந்து சிறுநீரகத்தை அடைக்கும் நிலை. அதைக் கொண்டுவருவது அளவு மீறிய பயிற்சி.

ஏற்கெனவே சிறுநீரக நோய் உள்ளவர்கள், ஒரு சிறுநீரகம் மட்டும் உள்ளவர்கள், மாற்றுச் சிறுநீரகம் பெற்றவர்கள், சர்க்கரையால் சிறுநீரில் புரதம் கசிபவர்கள் ஆகியோர் டாக்டர் சொல்லாமல் டப்பாவைத் திறக்கவே வேண்டாம். முட்டி வலிக்கு, முதுகு வலிக்கு என்று தினமும் வலி மாத்திரை போடுபவர்களும் முதலில் அந்த மாத்திரையைப் பற்றித்தான் டாக்டரிடம் பேச வேண்டும். சிறுநீரகத்துக்கு அது கிரியேட்டினைவிடப் பல மடங்கு கவலைக்குரிய விஷயம். கர்ப்பிணிகளும் 18 வயதுக்குக் கீழே இருப்பவர்களும் தாமாக எடுக்க வேண்டாம்.

மற்றவர்கள் ஆரம்பிப்பதற்கு முன்னால் ஒரு காரியம் செய்துகொள்ளலாம். டப்பாவைத் திறப்பதற்கு முந்தின வாரம் ரத்தக் கிரியேட்டினின், சிறுநீர் அல்புமின், ரத்த அழுத்தம் மூன்றையும் பார்த்து, ரிப்போர்ட்டை செல்போனில் ஒரு படம் எடுத்து வைப்பது. அடுத்த வருடம் எண் 1.3 என்றோ 1.4 என்றோ வந்தால், டாக்டர் முதலில் கேட்கப்போவது, "இதுக்கு முன்னாடி எவ்வளவு இருந்தது?" என்றுதான்.